செக் திரும்பிவிட்டது, பேங்க் கணக்கு ஒத்துப்போகிறது, ஆனால் 110 வெள்ளியைக் காணோம்

மலர்_சிப்புட் | 3 ஏப்ரல் 2024, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் மாமாவின் கடையில் கணக்கு பார்க்கிறேன். உரம், களைக்கொல்லி, முதுகுப் பம்பு, குலை வெட்டும் கத்தி என்று தோட்ட வேலைக்கு வேண்டிய சாமான் எல்லாம் விற்கும் கடை. வாங்குபவர்களில் பாதிப் பேர் செம்பனைத் தோட்டங்களில் வேலை எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டர்கள். எல்லாம் கடன்தான். தோட்டம் அவர்களுக்குக் கொடுத்தால் அவர்கள் நமக்குக் கொடுப்பார்கள்.

ஒரு காண்ட்ராக்டருக்கு இரண்டு இன்வாய்ஸ் இருந்தன. இன்வாய்ஸ் எண் 1187, ஜனவரி 15ஆம் தேதி, 3,200 வெள்ளி. எண் 1214, பிப்ரவரி 6ஆம் தேதி, 2,300 வெள்ளி. 60 நாளுக்குள் கட்டினால் 2 விழுக்காடு கழிவு தருவது மாமாவின் பழக்கம். ஆள் மார்ச் 4ஆம் தேதி கடைக்கு வந்து, கழிவு 110 போக 5,390க்குச் செக் கொடுத்தார். மறுநாள் பேங்கில் போட்டேன். 6ஆம் தேதி செக் தெண்டாங், பணமாகாமல் திரும்பிவிட்டது.

மார்ச் மாத ஸ்டேட்மெண்ட் வந்தபோதுதான் கணக்கில் ஏற்றினேன். ஸ்டேட்மெண்டில் 6ஆம் தேதிக்கு இரண்டு வரி இருந்தன: 5,390 ஒன்று, பேங்க் சார்ஜ் 10 ஒன்று. இரண்டையும் கூட்டி ஒரே ஜேர்னலாக, வாடிக்கையாளர் பெயரில் 5,400 பற்று, பேங்கில் 5,400 வரவு என்று மார்ச் 31 தேதியிட்டுப் போட்டேன். பேங்க் ஒப்பீடு ஒரு காசு பிசகாமல் ஒத்துப்போனது.

இடையில் மார்ச் 20ஆம் தேதி அந்த ஆள் 2,000 ரொக்கமாகக் கொடுத்தார். இப்போது கணினியில் அவர் பாக்கி 3,400. மாமாவின் கை நோட்டில் 3,510. மாமா கணினியை நம்புவதே இல்லை, இன்றைக்கு அவருக்குக் கொண்டாட்டம். பேங்க் சரியாக இருக்கும்போது இது எப்படித் தப்பாகும்? யாராவது சொல்லுங்கள்.

---

லாரி_முத்து | 3 ஏப்ரல் 2024, இரவு 10:05

தங்கச்சி, செக் தெண்டாங் ஆனால் முதலில் பயப்பட வேண்டியது கணக்குக்கு இல்லை. திரும்பிய செக்குகளுக்கென்று பேங்க் நெகாரா வைத்திருக்கும் டிசெக்ஸ் பதிவில் பெயர் ஏறிவிடும். 12 மாதத்தில் 3 செக் பணம் போதாமல் திரும்பினால் கரண்ட் அக்கவுண்ட்டையே மூடிவிடுவார்கள். என் மச்சானுக்கு ஆனது. உடனே பேங்க் மேனேஜரைப் போய்ப் பாருங்கள், அடுத்த செக் எழுதுவதற்கு முன் அக்கவுண்ட்டில் பணம் இருக்கிறதா பாருங்கள்.

---

மலர்_சிப்புட் | 3 ஏப்ரல் 2024, இரவு 10:11

அண்ணே, செக் எழுதியது நாங்கள் இல்லை. எங்களுக்கு வந்த செக்தான் திரும்பியது.

---

லாரி_முத்து | 3 ஏப்ரல் 2024, இரவு 10:14

ஓ. அப்படியென்றால் பயம் அந்த ஆளுக்கு. சரி சரி.

---

தோட்டத்துக்_கிராணி | 3 ஏப்ரல் 2024, இரவு 10:32

மகளே, நான் 31 வருஷம் தோட்ட ஆபீஸில் கிராணியாக இருந்தவன். கணினி எல்லாம் அப்புறம் வந்தது. எங்கள் காலத்தில் திரும்பி வந்த செக்கை கேஷ் புத்தகத்தில் சிவப்பு மசியில் எழுதுவோம். ஸ்டேட்மெண்ட் வரும்வரை காத்திருக்க மாட்டோம், பேங்க் தாள் வந்த அன்றே எழுதிவிட வேண்டும். தேதி முக்கியம். செக் திரும்பியது மார்ச் 6. நீ மார்ச் 31 போட்டது முதல் தப்பு.

இரண்டாவது, திரும்பிய செக்கை வாடிக்கையாளர் கணக்கிலேயே கலக்கக் கூடாது. 'திரும்பிய செக்குகள்' என்று தனிக் கணக்கு ஒன்று திற. 5,390ஐ அதில் போட்டு வை. ஆள் வந்து பணம் கட்டியதும் அதிலிருந்து கழித்துக்கொள். துரை கேட்டால் ஒரே பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம்.

---

கிளிக்_ராஜா | 3 ஏப்ரல் 2024, இரவு 11:20

ஏன் இவ்வளவு சிரமம்? மார்ச் 5ஆம் தேதி ரசீதை அழித்துவிடுங்கள். ரசீதே இல்லை என்றால் இரண்டு இன்வாய்ஸும் தானாகத் திறந்துகொள்ளும். பேங்கில் 5,390 வந்தது, 5,390 போனது, கூட்டினால் சைபர். அப்புறம் 10 வெள்ளி சார்ஜை மட்டும் ஏற்றினால் முடிந்தது. நான் பட்டர்வொர்த்தில் மூன்று கடைக்கு இப்படித்தான் செய்கிறேன்.

---

ஈப்போ_ஆடிட் | 4 ஏப்ரல் 2024, காலை 7:15

மலர், உங்கள் 110 வேறெங்கும் போகவில்லை. அது நீங்கள் கொடுத்த கழிவு. 5,500ல் 2 விழுக்காடு 110. அதைத் திரும்ப எடுக்க மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ரசீது போட்ட நாளில் என்ன நடந்தது என்று பாருங்கள். பேங்கில் 5,390 வந்தது, கழிவாக 110 போனது, இரண்டும் சேர்ந்து அவர் கணக்கில் 5,500 தீர்ந்தது. ஆக அவர் கடனைத் தீர்த்தவை இரண்டு: பணமும் கழிவும். செக் திரும்பியபோது பணத்தை மட்டும் அவர் தலையில் திரும்ப ஏற்றினீர்கள். கழிவு மட்டும் அவர் பக்கம் அப்படியே நிற்கிறது. காசு கொடுக்காதவருக்கு, காசு சீக்கிரம் கொடுத்ததற்கான சலுகை!

பேங்க் ஒப்பீடு ஏன் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை என்றால், கழிவு பேங்க் வழியாகப் போகவே இல்லை. ஸ்டேட்மெண்டில் 110 என்ற எண் எங்கும் இருக்காது. பேங்க் ஒத்துப்போகிறது என்றால் பேங்க் கணக்கு சரி என்று மட்டும்தான் அர்த்தம். வாடிக்கையாளர் கணக்கு சரியா என்று அது சொல்லாது.

நீங்கள் போட்ட ஜேர்னலை எடுத்துவிட்டு, மார்ச் 6 தேதியில் இப்படிப் போடுங்கள்:

வாடிக்கையாளர் கணக்கு, பற்று 5,500
பேங்க், வரவு 5,390
கொடுத்த கழிவு, வரவு 110

அப்புறம் தனியாக, அதே தேதியில்:

பேங்க் சார்ஜ் செலவு, பற்று 10
பேங்க், வரவு 10

ஸ்டேட்மெண்டில் இருப்பதுபோலவே பேங்கில் 5,390, 10 என்று இரண்டு வரி வரும். இப்போது வாடிக்கையாளர் பாக்கி 5,500. மார்ச் 20ஆம் தேதி கொடுத்த 2,000 போனால் 3,500. மாமா 3,510 என்கிறாரே, அந்த 10 வெள்ளிக்குப் பிறகு வருகிறேன், கடை திறக்கும் நேரம் ஆகிவிட்டது உங்களுக்கு.

---

மலர்_சிப்புட் | 4 ஏப்ரல் 2024, காலை 8:02

அக்கா! 110ஐப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கழிவு என்று தோன்றவே இல்லை. மாமாவிடம் சொன்னேன். 'நான் கழிவை என்றைக்கோ வெட்டிவிட்டேனே' என்கிறார். நோட்டைத் திறந்து பார்த்தால் உண்மைதான், 110ஐ ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறார், பக்கத்தில் 'தெண்டாங்' என்று ஒரே வார்த்தை.

ஒரு சந்தேகம். பேங்க் ஸ்டேட்மெண்டில் செக் திரும்பியது டெபிட் என்று இருக்கிறது. நீங்கள் பேங்க் வரவு என்கிறீர்களே?

---

ஈப்போ_ஆடிட் | 4 ஏப்ரல் 2024, மதியம் 1:10

ஸ்டேட்மெண்ட் பேங்கின் புத்தகம். அவர்கள் புத்தகத்தில் நம் பணம் அவர்கள் நமக்குத் தர வேண்டிய கடன். அது குறைந்தால் அவர்களுக்கு டெபிட். நம் புத்தகத்தில் பேங்க் நம் சொத்து, குறைந்தால் வரவுப் பக்கம். உங்கள் முதல் ஜேர்னலில் இதைச் சரியாகத்தான் போட்டிருந்தீர்கள், இப்போது குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி கிளிக் ராஜா தம்பிக்கு. ரசீதை அழித்தால் எண்கள் ஒத்துவரும் என்பது உண்மை, இல்லை என்று சொல்லமாட்டேன். இன்வாய்ஸும் திறக்கும், கழிவை ரசீதுக்குள்ளேயே போட்டிருந்தால் கழிவும் போய்விடும், மலருக்கு வந்த 110 தகராறுகூட வந்திருக்காது. ஆனால் ஸ்டேட்மெண்டில் 5ஆம் தேதி 5,390 உள்ளே வந்த வரிக்கும் 6ஆம் தேதி வெளியே போன வரிக்கும் புத்தகத்தில் ஜோடி இருக்காது. கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு ரசீது கிழித்துக் கொடுத்திருக்கிறார், அந்த எண் கணினியில் காணாமல் போயிருக்கும். ஆடிட்டில் ரசீது எண் விடுபட்டிருந்தால் நான் முதலில் நினைப்பது 'இந்தப் பணம் யார் பையில் போனது' என்றுதான். செக் ஒரு மாதம் போட்டு அடுத்த மாதம் திரும்பினால் இன்னும் மோசம், முடித்துக் கொடுத்த மாதத்தின் எண்களே மாறிவிடும்.

இன்னொன்று, அந்த ஆள் தெண்டாங் செக் கொடுத்தவர் என்ற தடயமே அவர் கணக்கில் இருக்காது. அடுத்த வருஷம் வேறொரு பிள்ளை உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, 'நல்ல வாடிக்கையாளர்' என்று 10,000 வெள்ளிக்குக் கடன் கொடுப்பாள்.

---

கிளிக்_ராஜா | 4 ஏப்ரல் 2024, மதியம் 1:48

சரி, ரசீது எண் விஷயம் யோசிக்க வேண்டியதுதான். ஆனால் ஒரே வாரத்தில் போட்டு ஒரே வாரத்தில் திரும்பிய செக்குக்கு நான் அழிக்கத்தான் போகிறேன். மூன்று கடைக்கும் ஆடிட் கிடையாது.

---

தோட்டத்துக்_கிராணி | 4 ஏப்ரல் 2024, மாலை 5:30

என் தனிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லையே?

---

ஈப்போ_ஆடிட் | 4 ஏப்ரல் 2024, இரவு 8:25

ஐயா, மன்னிக்க வேண்டும், உங்களை விட்டுவிட்டேன். தேதி விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் முழுக்கச் சரி. அதை மலருக்கு இன்னும் விவரமாகச் சொல்லவேண்டும்.

தனிக் கணக்கு கையால் எழுதும் புத்தகத்துக்கு நல்ல வழி. திரும்பிய செக் எத்தனை என்று ஒரு பக்கத்தில் தெரியும். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பணம் அந்தக் கணக்கில் கிடக்கும்வரை வாடிக்கையாளர் பெயரில் பாக்கி சைபர். அவருக்கு ஸ்டேட்மெண்ட் அடித்து அனுப்பினால் ஒன்றும் தரவேண்டியதில்லை என்று வரும். பேரேட்டில் அந்தத் தனிக் கணக்குப் பக்கத்தைப் பார்ப்பவர் உங்களைப்போல் ஒருவர் இருந்தால் சரி, இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் அங்கேயே தூங்கும். நான் ஒரு கடையில் பார்த்தேன், அந்தக் கணக்கில் 9 செக். அதில் 4 பேர் எப்போதோ பணம் கட்டிவிட்டிருந்தார்கள், கட்டியது இன்வாய்ஸில் கழிந்திருந்தது, செக் மட்டும் அப்படியே நின்றது.

மலர், இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அந்த 5,400 ஜேர்னலைப் போட்ட பிறகு, யார் பாக்கி எத்தனை நாள் பழையது என்று காட்டும் ஏஜிங் அறிக்கை எடுத்தீர்களா? அதில் அவர் பாக்கி எந்தக் கட்டத்தில் வந்தது?

---

மலர்_சிப்புட் | 4 ஏப்ரல் 2024, இரவு 8:51

ஐயோ அக்கா. 'நடப்பு' என்ற கட்டத்தில் வந்தது. இன்வாய்ஸ் இரண்டும் தீர்ந்தவை என்று இருக்கின்றன, ஜேர்னல் மார்ச் 31 என்பதால் புதுக்கடன் மாதிரி நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் நேற்று முன்தினம் அவர் லாரி வந்தபோது 8 மூட்டை உரம் கடனில் ஏற்றிவிட்டேன். இன்வாய்ஸ் இன்னும் போடவில்லை. கெடு தாண்டிய பாக்கி எதுவும் இல்லையே என்று நினைத்தேன். மாமா அன்றைக்கு ஈப்போவுக்குப் போயிருந்தார். அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

---

லாரி_முத்து | 4 ஏப்ரல் 2024, இரவு 9:00

சொல்லிவிடு தங்கச்சி. லாரிக்காரன் எப்படியும் சொல்லிவிடுவான், எனக்குத் தெரியும்.

---

ஈப்போ_ஆடிட் | 4 ஏப்ரல் 2024, இரவு 9:34

இதைத்தான் எதிர்பார்த்தேன். 110ஐ விட இதில்தான் ஆபத்து அதிகம். செக் திரும்பியதால் புதிதாக ஒரு கடன் பிறக்கவில்லை. பழைய கடன் தீரவே இல்லை என்று தெரிந்தது, அவ்வளவுதான். ஆகவே பழைய இன்வாய்ஸ்களே பழைய தேதியோடு திரும்ப உயிர்பெற வேண்டும்.

கணினியில் செய்யும் முறை: அந்த ரசீதுக்குப் போய் முதலில் நாக்-ஆஃப் எடுத்துவிடுங்கள், அதாவது அந்த ரசீது, இன்வாய்ஸ் 1187ஐயும் 1214ஐயும் பிடித்துவைத்திருப்பதை விடுவிக்க வேண்டும். பெரும்பாலான மென்பொருளில் ரசீதிலேயே 'செக் திரும்பியது' என்று குறிக்க ஓர் இடமும் பக்கத்தில் தேதியும் இருக்கும். அங்கே மார்ச் 6 போட்டால் பேங்க் வரவும் வாடிக்கையாளர் பற்றும் அதுவே போட்டுக்கொள்ளும், ரசீதும் அழியாமல் நிற்கும். உங்கள் மென்பொருளில் அது இல்லாவிட்டால் நான் கொடுத்த ஜேர்னலைப் போட்டு, ஜேர்னலையும் ரசீதையும் ஒன்றோடொன்று நாக்-ஆஃப் செய்துவிடுங்கள். அப்போது இன்வாய்ஸ் இரண்டும் தனியே திறந்து நிற்கும்.

கழிவை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். சிலர் கழிவை ரசீதுக்குள்ளேயே போடுவார்கள், சிலர் தனி கிரெடிட் நோட்டாகப் போடுவார்கள். ரசீதுக்குள் இருந்தால் ரசீதோடு சேர்ந்தே திரும்பும். கிரெடிட் நோட்டாக இருந்தால் ரசீது திரும்பினாலும் அது அசையாது. எல்லாம் முடித்த பிறகு அவர் கணக்கைத் திறந்து, எதோடும் சேராமல் 110 தனியாக நிற்கிறதா பாருங்கள். நின்றால் அந்த கிரெடிட் நோட்டை ரத்து செய்ய வேண்டும். என் ஜேர்னலைப் போட்டிருந்தால் மட்டும் ரத்து வேண்டாம், அதிலேயே 110 திரும்பிவிட்டது, கிரெடிட் நோட்டையும் ஜேர்னலோடு நாக்-ஆஃப் செய்தால் போதும்.

பிறகு மார்ச் 20ஆம் தேதி 2,000ஐ 1187க்கு எதிராக வையுங்கள், அவர் வேறு எதற்கு என்று சொல்லாத பட்சத்தில். நேற்றைய தேதிக்கு ஏஜிங் எடுத்தால் 1187ல் 1,200, அது 79 நாள் பாக்கி. 1214ல் 2,300, அது 57 நாள். மொத்தம் 3,500. 79 நாள் பாக்கியைப் பார்த்திருந்தால் அந்த 8 மூட்டை லாரியில் ஏறியிருக்குமா?

---

பாகான்செராய்_ஹார்ட்வேர் | 5 ஏப்ரல் 2024, காலை 10:18

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், என் கதையும் இதே மாதிரிதான். டிசம்பர் 29, வெள்ளிக்கிழமை, ஒரு செக் 7,400 வெள்ளிக்குப் போட்டேன். புத்தாண்டு விடுமுறை முடிந்து ஜனவரி 2ஆம் தேதி திரும்பிவிட்டது. எங்கள் கணக்காண்டு டிசம்பர் 31ல் முடிகிறது. நான் ஜனவரியில் திருப்பிப் போட்டேன், அன்றைக்குத்தானே திரும்பியது? ஆடிட்டர் வந்து டிசம்பர் 31 கணக்கிலேயே பேங்கைக் குறைத்து, பாக்கியை ஏற்றச் சொல்கிறார். மேலே கிராணி ஐயா தேதி முக்கியம் என்கிறார். எது சரி?

---

தோட்டத்துக்_கிராணி | 5 ஏப்ரல் 2024, காலை 11:02

திரும்பிய தேதிதான் தேதி. ஜனவரி 2 என்றால் ஜனவரி 2. ஆடிட்டர்கள் வேலை இல்லாமல் எதையாவது மாற்றுவார்கள்.

---

ஈப்போ_ஆடிட் | 5 ஏப்ரல் 2024, மதியம் 12:40

ஐயா, வேலை இல்லாத ஆடிட்டர் ஒருத்தி பேசுகிறேன் :)

தினசரிப் புத்தகத்தில் ஜனவரி 2தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் ஆண்டுக் கணக்கு அறிக்கை தயாரிக்கும்போது கேள்வி வேறு: டிசம்பர் 31 அன்று உண்மையில் அந்த ஹார்ட்வேர் கடையிடம் இருந்தது பணமா, பாக்கியா? செக் எழுதியவரின் அக்கவுண்ட்டில் அன்றைக்கே பணம் இல்லை, நமக்கு அது ஜனவரி 2ல்தான் தெரிந்தது. ஏற்கெனவே இருந்த நிலைமையைப் பிறகு வந்த செய்தி உறுதிப்படுத்தினால் அந்த ஆண்டுக் கணக்கையே திருத்த வேண்டும். தனியார் கம்பெனிகளுக்கான எம்பிஇஆர்எஸ் தரமுறையில் 32ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. அதனால் டிசம்பர் 31 அறிக்கையில் பேங்க் 7,400 குறையும், வாடிக்கையாளர் பாக்கி 7,400 கூடும். லாபத்தில் ஒரு காசும் மாறாது, கழிவு எதுவும் கொடுத்திராவிட்டால். பேங்க் சார்ஜ் மட்டும் ஜனவரிச் செலவு, ஏனென்றால் அந்தச் சேவை ஜனவரியில் நடந்தது.

அந்த 7,400 வருமா வராதா என்பது அடுத்த கேள்வி. உங்கள் ஆடிட்டர் அதையும் கேட்பார், தயாராக இருங்கள்.

---

பாகான்செராய்_ஹார்ட்வேர் | 5 ஏப்ரல் 2024, மதியம் 12:58

கேட்டுவிட்டார் அம்மா. ஆள் போன் எடுப்பதில்லை. செக்கில் டிசம்பர் 29 என்று இருந்தாலும் ஜனவரி முதல் வாரம் பணம் போடுவதாக என்னிடம் வாயால் சொல்லியிருந்தார். நான்தான் அவசரப்பட்டுப் போட்டுவிட்டேன். அது ஏதும் மாற்றுமா?

---

ஈப்போ_ஆடிட் | 5 ஏப்ரல் 2024, மதியம் 1:20

அதனால் ஆடிட்டர் சொல்வது இன்னும் பலமாகிறது. டிசம்பர் 31ல் பணம் இல்லை என்று உங்களுக்கே தெரியும் என்றல்லவா ஆகிறது.

---

மலர்_சிப்புட் | 5 ஏப்ரல் 2024, இரவு 9:15

அக்கா, எல்லாம் செய்துவிட்டேன். எங்கள் மென்பொருளில் திரும்பிய செக் குறிக்கும் இடம் இருந்தது, இத்தனை நாள் கண்ணில் படவில்லை. நீங்கள் சொன்னது மாதிரியே கழிவு கிரெடிட் நோட்டாக இருந்தது, தனியாக 110 என்று முழித்துக்கொண்டு நின்றது. ரத்து செய்தேன். பேங்க் மார்ச் ஒப்பீட்டைத் திரும்ப ஓட்டினேன், ஒத்துப்போகிறது. பாக்கி 3,500.

மாமாவிடம் 8 மூட்டை விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் டீ வாங்கி வரச் சொன்னார்.

இப்போது 10 வெள்ளி. மாமா நோட்டில் அவர் பெயரில் ஏற்றியிருக்கிறார். நான் செலவில் போட்டிருக்கிறேன். எப்படிச் சேர்ப்பது?

---

கிளிக்_ராஜா | 5 ஏப்ரல் 2024, இரவு 9:40

10 வெள்ளிக்கா இத்தனை கேள்வி? நேராக வாடிக்கையாளர் பெயரில் போட்டுவிடுங்கள், செலவில் எதற்கு?

---

ஈப்போ_ஆடிட் | 5 ஏப்ரல் 2024, இரவு 10:05

10 வெள்ளியாக இருந்தாலும் அது இரண்டு தனி விஷயம். பேங்க் நம்மிடம் எடுத்தது நமக்கும் பேங்குக்கும் நடுவில். அது நடந்துவிட்டது, செலவு. அதை ஆளிடம் கேட்பதா வேண்டாமா என்பது நமக்கும் அவருக்கும் நடுவில். அதை முடிவு செய்ய வேண்டியவர் மாமா. மாமா கேட்பது என்று முடிவு செய்தால் ஒரு டெபிட் நோட் போடுங்கள்: வாடிக்கையாளர் பற்று 10, பேங்க் சார்ஜ் வரவு 10. செலவு சைபராகிவிடும், பாக்கி 3,510. மாமா நோட்டும் கணினியும் ஒன்றாகிவிடும்.

நேராக அவர் பெயரில் போட்டாலும் எண் அதேதான் வரும், தம்பி சொல்வது கணக்குப்படி தப்பில்லை. ஆனால் அவர் கையில் காட்ட ஒரு தாள் இருக்காது. 'இது என்ன 10?' என்று கேட்டால் பேங்க் ஸ்டேட்மெண்டையா காட்டுவீர்கள்? டெபிட் நோட்டில் 'செக் திரும்பியதற்கான பேங்க் சார்ஜ், மார்ச் 6' என்று எழுதி, செக் எண்ணையும் போட்டுக் கொடுங்கள். பேங்கிலிருந்து வந்த செக் படம் அச்சிட்ட தாளின் நகலையும் இணைத்துவிடுங்கள், அதில் திரும்பிய காரணம் இருக்கும். மூலத் தாளைக் கடையிலேயே பத்திரமாக வையுங்கள், வழக்கு என்று போனால் அதுதான் கையில் இருக்கும் ஆயுதம்.

சார்ஜ் வரியில் பேங்க் சேவை வரி ஏதும் சேர்த்திருந்தால் அதையும் செலவோடு சேர்த்தே போடுங்கள். ஜிஎஸ்டி காலத்தில் போல் திரும்பக் கேட்க முடியாது.

அவர் 10ஐக் கொடுக்க மறுத்தால் மூன்று மாதம் இழுக்காமல் கிரெடிட் நோட் போட்டு எடுத்துவிடுங்கள். 10, 10ஆக ஏஜிங்கில் தொங்கும் பாக்கிகளைப்போல் எரிச்சலூட்டுவது வேறில்லை.

---

தோட்டத்துக்_கிராணி | 6 ஏப்ரல் 2024, காலை 6:50

காரணம் என்ன என்று யாரும் கேட்கவில்லையே. பணம் போதாமல் திரும்பியதா, கையெழுத்து ஒத்துப்போகாமல் திரும்பியதா? எங்கள் காலத்தில் எழுத்தில் ஒரு தொகை, எண்ணில் ஒரு தொகை என்று எழுதிக்கொடுத்து நேரம் வாங்குவார்கள். கெட்டிக்காரர்கள்!

---

மலர்_சிப்புட் | 6 ஏப்ரல் 2024, காலை 8:20

ஐயா, தாளை எடுத்துப் பார்த்தேன். பணம் போதவில்லை என்றுதான் இருக்கிறது. அவர் என்னிடம் 'கையெழுத்து கொஞ்சம் மாறிவிட்டது தங்கச்சி, அவ்வளவுதான்' என்றார்.

---

ஈப்போ_ஆடிட் | 6 ஏப்ரல் 2024, காலை 9:05

நல்ல கேள்வி ஐயா. கணக்கில் ஏற்றும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான், பணம் வரவில்லை என்றால் வரவில்லை. ஆனால் கையெழுத்துக் கோளாறு என்றால் புதுச் செக் வாங்கினால் தீரும். பணம் போதாது என்றால் அவரிடம் புதுச் செக் வாங்குவதில் அர்த்தமில்லை. அதிலும் காரணத்தை மாற்றிச் சொல்கிறவரிடம்.

---

மலர்_சிப்புட் | 6 ஏப்ரல் 2024, மாலை 4:45

இன்றைக்கு வந்தார்! ரொக்கமாக 2,254 நீட்டினார். 1214க்கு என்றார். 2,300ல் 2 விழுக்காடு 46 கழித்துக்கொண்டாராம். பிப்ரவரி 6லிருந்து இன்றைக்குச் சரியாக 60ஆவது நாள், நாள்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். 1187ன் மீதி 1,200 அடுத்த வாரம் தருகிறாராம், அதன் கழிவுக் கெடு மார்ச் 15லேயே போய்விட்டது, அதை அவரும் கேட்கவில்லை.

மாமா 46 தரமாட்டேன் என்கிறார், தெண்டாங் செக் கொடுத்தவனுக்குக் கழிவா என்று. ஆனால் எங்கள் இன்வாய்ஸில் '60 நாளுக்குள் கட்டினால்' என்று மட்டும்தான் அச்சடித்திருக்கிறது. நான் இப்போதைக்கு 2,254ஐ மட்டும் 1214க்கு எதிராக வைத்து, 46ஐத் திறந்தே விட்டிருக்கிறேன்.

---

லாரி_முத்து | 6 ஏப்ரல் 2024, மாலை 5:10

கொடுத்துவிடச் சொல்லு. 46 வெள்ளிக்குச் சண்டை போட்டால் 1,200 வராது.

---

தோட்டத்துக்_கிராணி | 6 ஏப்ரல் 2024, மாலை 5:32

கொடுக்கவே கூடாது. கொடுத்தால் அடுத்த செக்கும் திரும்பும்.

---

ஈப்போ_ஆடிட் | 6 ஏப்ரல் 2024, இரவு 8:00

இன்வாய்ஸில் அச்சடித்திருப்பதைப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, மாமாவுக்குப் பிடிக்காது. கொடுப்பதாக இருந்தால் இன்றைய தேதியில் 46க்குப் புதுக் கிரெடிட் நோட் போடுங்கள், ரத்து செய்த பழைய 110ஐத் திரும்ப எழுப்ப வேண்டாம். கொடுக்காவிட்டால் 46 பாக்கியாகவே நிற்கட்டும். மாமா எந்தப் பக்கம் போகிறார் என்று சொல்லுங்கள்.

---

மலர்_சிப்புட் | 6 ஏப்ரல் 2024, இரவு 8:37

நோட்டில் 46 என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். 8 மூட்டைக்கு இன்வாய்ஸ் போட்டுவிட்டேன், அதில் கழிவு வரியை மாமா பேனாவால் அடித்துவிட்டார்.